எம்8 வாஷர் இல்லாமல் நின்ற வேலை: ஒரு பட்டறையில் இரட்டைப் பெட்டி முறை, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 17 பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் நடந்தது. கன்வேயர் சட்டங்களும் இயந்திரப் பாதுகாப்புக் கூண்டுகளும் செய்கிற இடம். வெட்டி, வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்து, கடைசியில் போல்ட் போட்டுக் கோத்து அனுப்புவார்கள். உற்பத்திப் பொறுப்பு என்னுடையது. ஸ்டோரை ஒரே ஒருவர் கவனித்துக்கொண்டார்.

போல்ட், நட், வாஷர், ரிவெட், கேபிள் டை, கட்டிங் வீல், கையுறை என்று சில்லறைச் சாமான் மட்டும் 60 வகைக்கு மேல் இருந்தது. எல்லாமே ஸ்டோரில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. ஃபிட்டருக்கு 20 போல்ட் வேண்டுமென்றால் சீட்டு எழுதிக் கொண்டுவர வேண்டும். ஸ்டோர்கீப்பர் எண்ணிக் கொடுத்து, கணினியில் கழித்துக்கொள்வார். இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஆர்டர் போடுவார்.

ஏட்டளவில் இதில் குறை இல்லை. ஆனால் ஒரு போல்டை எண்ணிக் கொடுத்துப் பதிவு செய்கிற நேரம் அந்த போல்டின் விலையைவிடக் கூடுதல். அதனால் எண்ணுவது மெல்ல மெல்லக் குத்துமதிப்பாக ஆகிவிட்டது. 20 கேட்டால் ஒரு கைப்பிடி, 50 கேட்டால் இரண்டு கைப்பிடி. கணினியில் பதிவான எண்ணுக்கும் ரேக்கில் இருந்த சரக்குக்கும் தொடர்பு அறுந்துபோனது.

என்ன பார்த்தோம்

ஒரு நாள் எட்டு கன்வேயர் சட்டங்கள் கோப்பதற்குத் தயாராக நின்றன. எம்8 வாஷர் இல்லை. கணினியில் 1,400 இருப்பதாகக் காட்டியது, ரேக்கில் காலிப் பை. அன்று பிற்பகல் முழுவதும் நான்கு பேர் வேறு வேலை பார்த்தார்கள். அடுத்த நாள்தான் சரக்கு வந்தது.

இப்படி நிற்பது புதிது இல்லை என்பதால், அடுத்த ஆறு வாரம் ஒரு நோட்டு வைத்துக் குறித்தோம். சில்லறைச் சாமான் இல்லாமல் வேலை நின்றது 11 தடவை. அதில் ஏழு தடவை கணினியில் இருப்பு இருந்தது.

அப்புறம் ஃபோர்மேன் சொன்ன ஒரு விஷயம்தான் எங்களை யோசிக்க வைத்தது. “டிராயரைத் திறந்து பாருங்க, அங்கதான் இருக்கு நம்ம ஸ்டாக்” என்றார். எல்லோரிடமும் சொல்லிவிட்டு, யாரையும் குறை சொல்வதில்லை என்ற உறுதியோடு மேசை டிராயர்களையும் டூல் பெட்டிகளையும் திறந்தோம். எம்8×25 போல்ட் மட்டும் 1,600 கிடைத்தது. ஒரு ஃபிட்டர் நேர்மையாகச் சொன்னார்: “தேவைப்படும்போது இல்லைன்னு சொல்வீங்க அண்ணே, அதான் இருக்கும்போதே எடுத்து வெச்சுக்கிட்டேன்.”

இதில் அவர் மேல் தவறு இல்லை. சரக்கு கிடைக்காது என்று அனுபவம் சொல்லும்போது பதுக்குவது இயல்பு. பதுக்குவதால் ரேக் காலியாகிறது, ரேக் காலியாவதைப் பார்த்து அடுத்தவரும் பதுக்குகிறார். பூட்டை இன்னும் இறுக்கினால் இது கூடத்தான் செய்யும்.

எடுத்த முடிவு

எண்ணுவதையே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தோம். ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு பெட்டி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன் பெட்டியிலிருந்து யார் வேண்டுமானாலும் சீட்டு இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அது காலியானால் அந்தக் காலிப் பெட்டிதான் ஆர்டர். அதை எடுத்து ஸ்டோர் வாசலில் இருக்கும் சேகரிப்பு ரேக்கில் வைத்துவிட்டு, பின் பெட்டியை முன்னால் இழுத்து அதிலிருந்து எடுக்க வேண்டும். சரக்கு வந்ததும் காலிப் பெட்டியை நிரப்பி, பின்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். கணினி இருப்பு கிடையாது, தினசரிக் கணக்கு கிடையாது.

எல்லாச் சாமானும் இதற்குப் பொருந்தாது. மலிவாக இருக்க வேண்டும், தொடர்ந்து செலவாக வேண்டும், சப்ளையரிடம் எப்போதும் கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்திய 42 வகையை எடுத்துக்கொண்டோம்.

விட்டுவைத்ததில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்16×60 போல்ட், ஒரே ஒரு வகைக் கனமான சட்டத்துக்கு மட்டும் தேவை. வருடத்தில் மூன்று தடவை அந்த ஆர்டர் வரும், ஒவ்வொரு தடவையும் 96 போல்ட் போகும். நடுவில் மாதக்கணக்கில் ஒன்றுகூடப் போகாது. இப்படிப்பட்டதற்குப் பெட்டி வைத்தால் 96 போல்ட் சும்மா கிடக்கும், இரண்டு ஆர்டர் சேர்ந்து வந்தால் அப்போதும் போதாது. அதை அந்தந்த வேலைக்கென்றே தனியாக வாங்குவது என்று வைத்துக்கொண்டோம்.

முதல் தடவை பெட்டி அளவை எப்படிக் கணக்கிட்டோம்

பெட்டி அளவு என்றால் பெட்டியின் லிட்டர் கணக்கு இல்லை. ஒரு பெட்டியில் எத்தனை சாமான் போட வேண்டும் என்ற எண்ணிக்கை. இதன் அடிப்படை எளிமையானது. முன் பெட்டி காலியான நிமிடத்திலிருந்து, அது நிரம்பித் திரும்ப ரேக்குக்கு வரும்வரை பின் பெட்டி ஒன்றுதான் பட்டறையைத் தாங்க வேண்டும். ஆகவே பின் பெட்டியில் அந்த இடைவெளிக்குத் தேவையானது இருக்க வேண்டும், கொஞ்சம் கூடுதலாகவும் இருக்க வேண்டும்.

```
பெட்டி அளவு = ஒரு நாள் செலவு × நிரப்பும் நாட்கள் + பாதுகாப்பு
```

எங்களிடம் நம்பகமான செலவுக் கணக்கு இல்லாததால் கொள்முதல் கணக்கை எடுத்தோம். கடந்த 12 மாதத்தில் எம்8×25 போல்ட் 15,000 வாங்கியிருந்தோம். 300 வேலை நாள் என்று வைத்தால் நாளுக்கு 50. சப்ளையர் 4 நாளில் தருவார். 50 × 4 = 200, பாதுகாப்புக்குப் பாதி சேர்த்து 300. எம்8 வாஷர் 9,000 வாங்கியிருந்தோம், அதாவது நாளுக்கு 30. 30 × 4 = 120, பாதி சேர்த்து 180. அதை 200 ஆக்கினோம். மற்ற 40 வகைக்கும் இதே மாதிரிதான்.

காலிப் பெட்டிகளை ஸ்டோர்கீப்பர் வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை, சேர்த்துப் பார்த்து ஒரே ஆர்டராகப் போடுவது என்று வைத்துக்கொண்டோம். ஒரே ஆர்டராக இருந்தால் வேலை குறையும் என்பதுதான் காரணம். அப்போது அது நியாயமாகவே தோன்றியது.

முதல் மூன்று வாரம்

முதல் வாரத்தின் கடைசியிலேயே வாஷர் தீர்ந்தது, இரண்டு பெட்டியும் ஒரே நாளில். போய்ப் பார்த்தால் பெட்டிகளை நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தோம். இடது கைப்பக்கம் நின்றவர் இடது பெட்டியில் எடுத்தார், வலது பக்கம் நின்றவர் வலது பெட்டியில் எடுத்தார். இரண்டும் சேர்ந்தே குறைந்தன, சேர்ந்தே காலியாகின. அறிவிப்பு வந்த அதே நேரத்தில் சரக்கும் இல்லை.

ரேக்கை மாற்றினோம். பின் பெட்டி முன் பெட்டிக்கு நேர் பின்னால், கை எட்டாதபடி. தட்டைச் சற்று சாய்த்து, முன் பெட்டியை எடுத்தால் பின்னது தானே வழுக்கி முன்னால் வருகிற மாதிரி செய்தோம். பின் பெட்டியின் வாயில் ஒரு சிவப்பு டேப்பும் ஒட்டினோம். அதைக் கிழிப்பவர் முன் பெட்டியைச் சேகரிப்பு ரேக்கில் வைத்தாக வேண்டும். இந்த ஒரு விஷயம் அதற்கப்புறம் தொந்தரவு தரவில்லை.

ஆனால் அவசரமாக வாங்கிய வாஷரில் வேறொரு சிக்கல் வந்தது. வாஷர் 500 கொண்ட பாக்கெட்டாகத்தான் வரும். பெட்டி அளவு 200. இரண்டு பெட்டியையும் நிரப்பிய பிறகு மிச்சம் 100, பாக்கெட்டோடு ரேக்கின் அடியில் போனது. அடுத்து ஒரு பெட்டிக்காக 500 வந்தபோது இன்னும் 300 அங்கே சேர்ந்தது. முன் பெட்டி காலியானபோது ஒரு ஃபிட்டர், நல்லெண்ணத்தோடுதான், கீழே இருந்த பாக்கெட்டிலிருந்து தானே பெட்டியை நிரப்பிக்கொண்டார். காலிப் பெட்டி சேகரிப்பு ரேக்குக்குப் போகவே இல்லை. யாருக்கும் தெரியாமல் மூன்றாவது பெட்டி ஒன்று உருவாகி, அறிவிப்பை மறைத்துவிட்டது. கீழே இருந்ததும் தீர்ந்தபோது மறுபடியும் திடீரென்று வாஷர் இல்லை.

மூன்றாவது வாரம் எம்8×25 போல்டே தீர்ந்தது. இந்தத் தடவை ரேக் சரி, டேப் சரி, எல்லோரும் முறையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆகவே தவறு பெட்டி அளவில்தான் இருக்க வேண்டும். உட்கார்ந்து நாட்களை எண்ணினோம்.

பிழை எங்கே இருந்தது: நாட்கள்

அந்த போல்ட் பெட்டி காலியானது ஒரு வியாழக்கிழமை மாலை, ஸ்டோர்கீப்பர் சேகரித்து முடித்த பிறகு. அடுத்த வியாழன்வரை அது சேகரிப்பு ரேக்கில் காத்திருந்தது. அதாவது 6 வேலை நாள். அன்று பிற்பகல் ஆர்டர் தயாரானது, ஆனால் சப்ளையர் நண்பகலுக்கு முன் வந்த ஆர்டரைத்தான் அன்றைய கணக்கில் எடுப்பார், அதனால் இன்னும் 1 நாள். பிறகு சப்ளையரின் 4 நாள். சரக்கு வந்த பெட்டி பிரிக்கப்படாமல் வரவுப் பகுதியில் கிடந்தது 1 நாள். மொத்தம் 12 நாள். நாங்கள் கணக்கில் எடுத்தது 4.

நிரப்பும் காலம் என்பது சப்ளையர் சொல்கிற நாள் இல்லை. பெட்டி காலியானதிலிருந்து நிரம்பிய பெட்டி ரேக்கில் உட்காரும்வரை உள்ள முழு நேரம். அதில் எங்கள் விஷயத்தில் மூன்றில் இரண்டு பங்கு எங்கள் சொந்தச் சுவருக்குள்ளேயே கழிந்தது. 300 போல்ட் கொண்ட பெட்டி நாளுக்கு 50 வீதம் 6 நாள்தான் தாங்கும். 12 நாளுக்கு அது எப்படியும் போதாது.

பெட்டியை 12 நாளுக்கு ஏற்றபடி பெரிதாக்கலாம், அல்லது 12 நாளைக் குறைக்கலாம். பெரிதாக்குவதுதான் உடனே தோன்றும் வழி. ஆனால் காத்திருக்கும் நாள் எங்கள் கையில் இருப்பது, அதைக் குறைத்தால் 42 வகைக்கும் ஒரே நேரத்தில் பலன் கிடைக்கும். அதனால் அதை முதலில் செய்தோம். தினமும் மாலை ஷிஃப்ட் முடிவில் காலிப் பெட்டிகளைச் சேகரிப்பது, மறுநாள் காலை நண்பகலுக்கு முன் ஆர்டர் அனுப்புவது, வந்த சரக்கை மறுநாளுக்குள் பெட்டியில் போடுவது. காத்திருப்பு அதிகபட்சம் 1 நாள், சப்ளையர் 4, நிரப்ப 1. மொத்தம் 6 நாள். ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று பெட்டிதான் வரும் என்பதால் ஸ்டோர்கீப்பருக்கு இது பெரிய சுமையாக இல்லை.

பிழை எங்கே இருந்தது: செலவு

நாளுக்கு 50 என்ற எண்ணும் சரியில்லை. அது இரண்டு வகையில் ஏமாற்றியது.

முதலாவது, கொள்முதல் வேறு, செலவு வேறு. வேலை அட்டைகளை எடுத்து, அனுப்பிய சட்டங்களின் எண்ணிக்கையை வரைபடத்தில் உள்ள போல்ட் எண்ணிக்கையோடு பெருக்கிப் பார்த்தோம். வருடச் செலவு சுமார் 13,200 போல்ட் என்று வந்தது, நாளுக்கு 44. 15,000-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி டிராயர்களில் கிடைத்த அந்த 1,600 தான்.

வாஷரில் நிலைமை தலைகீழ். ஒரு கன்வேயர் சட்டத்தில் 48 போல்ட். அதில் 32 துளை வழியாகப் போய் நட் போடப்படுவது, மீதி 16 மரை வெட்டிய துளையில் போவது. நட் உள்ள இடத்தில் இரண்டு வாஷர், மரைத் துளையில் ஒன்று. அதாவது 64 + 16 = 80 வாஷர். மூன்று போல்டுக்கு ஐந்து வாஷர், இரண்டு நட் என்ற விகிதம். 13,200 போல்டுக்கு வாஷர் 22,000 ஆக வேண்டும். நாங்கள் வாங்கியதோ 9,000. மீதி எங்கிருந்து வந்தது? அதற்கு முந்தைய வருடம் மொத்தமாக வாங்கிய ஒரு சாக்கு வாஷர் மூலையில் இருந்தது. அது அந்த வருடம் முழுக்கச் செலவாகிக்கொண்டிருந்தது. கொள்முதல் கணக்கில் அது தெரியாது. ஒன்றாகச் செலவாகும் சாமான்களைத் தனித்தனியாகக் கணக்கிடாமல், வரைபடத்தின் விகிதத்தோடு ஒப்பிட்டிருந்தால் இது முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். போல்டைவிட வாஷர் குறைவாகச் செலவாகும் என்று ஒரு கணக்கு சொன்னால், அந்தக் கணக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, சராசரி என்பது எந்த நாளிலும் நடக்காத ஒன்று. கூண்டு வேலை ஓடும் வாரத்தில் எம்8 போல்ட் நாளுக்கு 10 கூடப் போகாது. சட்டங்கள் வரிசையாக வரும் வாரத்தில் நாளுக்கு 80, 90 போகும். பெட்டி தாங்க வேண்டியது இந்த வாரத்தை.

“பாதி சேர்த்துக்கொள்” என்ற பொதுவான பாதுகாப்பை விட்டுவிட்டு வேறு விதமாகப் பார்த்தோம். நிரப்பும் காலம் 6 நாள் என்றால், கடந்த வருடத்தில் எந்தத் தொடர்ச்சியான 6 வேலை நாளில் செலவு அதிகபட்சமாக இருந்தது? வேலை அட்டைகளில் தேதி இருந்ததால் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்தான் ஆனது. ஒரு 6 நாளில் 10 சட்டங்கள் கோத்திருக்கிறோம், 480 போல்ட். அதே நாட்களில் மற்ற வேலைக்குச் சுமார் 40. ஆக 520.

சராசரிப்படி 6 நாளுக்கு 264 தான் வரும், பாதி சேர்த்தாலும் 400-க்குள். உண்மையான உச்சம் 520. ஒரே சீராகச் செலவாகும் கேபிள் டைக்குப் பாதி சேர்ப்பதே அதிகம், அலை அலையாகச் செலவாகும் போல்டுக்கு அது போதவில்லை.

திருத்திய அளவுகள்

520 போல்ட் என்பதை அடிப்படையாக வைத்து மூன்றையும் ஒரே தொகுப்பாகக் கணக்கிட்டோம். போல்ட் 100 கொண்ட பாக்கெட்டாக வரும், ஆகவே பெட்டிக்கு 600. வாஷர் 520-ஐ விகிதப்படி பெருக்கினால் சுமார் 870. பாக்கெட் 500 என்பதால் பெட்டிக்கு 1,000. நட் சுமார் 350. பாக்கெட் 100 என்பதால் 400.

எல்லாவற்றையும் முழுப் பாக்கெட்டாக மேல்நோக்கி ஏற்றினோம். பெட்டிக்கு வெளியே ஒரு சாமான்கூட மிஞ்சக்கூடாது என்பதுதான் நோக்கம். வாஷர் 130 கூடுதலாக இருப்பதால் இழப்பு எதுவும் இல்லை. மிச்சப் பாக்கெட் ரேக்கின் கீழ் கிடந்தால் என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

அடுத்து எடை. இந்த போல்ட் ஒன்று சுமார் 14 கிராம். 600 போல்ட் என்றால் 8.4 கிலோ. இடுப்பு உயரத் தட்டிலிருந்து ஒருவர் ஒரு கையால் சாய்த்து எடுக்க 10 கிலோ எங்களுக்கு எல்லையாக இருந்தது, ஆகவே இது சரி. எம்12 போல்டுக்கு இதே கணக்கு 10 கிலோவைத் தாண்டியது. அதற்குப் பெட்டியைத் தரையை ஒட்டிய கீழ்த்தட்டுக்கு மாற்றி, தூக்காமல் இழுக்கும்படி வைத்தோம்.

மெதுவாகப் போகும் சில சாமான்களில் எதிர்மாறான பிரச்சினை. ஒரு சிறிய திருகு, மாதம் 15 தான் போகும், ஆனால் பாக்கெட் 100. அதற்கு இரண்டு முழுப் பெட்டி வைத்தால் தீர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அங்கே இரண்டு பெட்டியும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டோம். பின் பெட்டி நிரப்பும் காலத்தைத் தாங்கினால் போதும், முன் பெட்டி பாக்கெட் அளவுக்கு இருந்தால் போதும். 20 திருகை ஒரு சிறு பையில் போட்டு ஒட்டி, அட்டையோடு பெட்டியின் அடியில் வைத்தோம். மேலே இருப்பது தீர்ந்து அந்தப் பையைப் பிரிக்கும்போது அட்டை சேகரிப்பு ரேக்குக்குப் போகும். பெட்டி ஒன்றுதான், வேலை இரண்டு பெட்டியின் வேலை.

அட்டையில் இரண்டு தேதி

ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் சாமானின் பெயர், அளவு, பெட்டிக்கு எத்தனை, பாக்கெட் எத்தனை, ரேக் இடம் ஆகியவை எழுதிய அட்டை. அதோடு அந்த போல்டையே ஒன்று கம்பியால் கட்டித் தொங்கவிட்டோம். எம்8×25-ஐயும் எம்8×30-ஐயும் எழுத்தைப் படிக்காமல் கையில் வைத்துப் பார்த்தே பிரிக்க இது உதவியது.

அட்டையின் பின்புறம் இரண்டு தேதி எழுதச் சொன்னோம்: காலியான தேதி, நிரம்பிய தேதி. நிரப்ப வரும்போது அடுத்த பெட்டியில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதையும் கண்ணளவில் எழுத வேண்டும். இவ்வளவுதான் எங்கள் மொத்தக் கணக்கு. முதல் இரண்டு தேதியும் நிரப்பும் காலம் உண்மையில் எத்தனை நாள் என்று சொல்லும். ஒரு பெட்டி காலியான தேதிக்கும் அதன் ஜோடிப் பெட்டி அடுத்துக் காலியான தேதிக்கும் இடையே உள்ள நாளால் பெட்டி அளவை வகுத்தால் நாள் செலவு தெரியும். மீதி எவ்வளவு என்பது பெட்டி அளவு சரியா என்று சொல்லும். எண்ணாமலே கிடைக்கிற கணக்கு இது, முன்பு கணினியில் இருந்ததைவிட நம்பகமானது.

அடுத்த 12 வாரம்

எம்8×25 பெட்டி சுமார் 14 வேலை நாளுக்கு ஒருமுறை காலியானது. 600-ஐ 14-ஆல் வகுத்தால் 43, வேலை அட்டைக் கணக்கோடு ஒத்துப்போகிறது. நிரப்பும்போது பின் பெட்டியில் பெரும்பாலும் 300-ஐ ஒட்டி மீதி இருந்தது. சட்டங்கள் அடுத்தடுத்து வந்த ஒரு வாரத்தில் மட்டும் 110-க்கு இறங்கியது. வாஷர் மிகக் குறைந்தது 190. இரண்டையும் அப்படியே விட்டோம்.

கட்டிங் வீலில் பயத்தால் அதிகம் வைத்திருந்தோம். நாளுக்கு இரண்டு போகும் சாமானுக்குப் பெட்டிக்கு 50. ஒவ்வொரு தடவையும் 35-க்கு மேல் மீதி என்று அட்டை சொன்னது. ஒரு பாக்கெட், அதாவது 25-ஆகக் குறைத்தோம். வீலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரெசின் பிணைப்பு வீல்களின் உலோக வளையத்தில் காலாவதி மாதம் அச்சிடப்பட்டிருக்கும், தயாரித்ததிலிருந்து 3 வருடம். பெட்டி முழுவதும் தீர்ந்த பிறகே நிரப்பினால் பழையது தானாக முதலில் போய்விடும். பாதி இருக்கும்போதே மேலே கொட்டி நிரப்பினால் அடியில் இருப்பது அங்கேயே தங்கும்.

வேலை நின்றது ஒரே தடவை. ஒரு காலிப் பெட்டி காணாமல் போயிருந்தது. தேடியபோது வெல்டிங் பகுதியில் துண்டுக் கம்பி போட்டு வைத்திருந்தார்கள், அளவான பெட்டி என்பதால். பெட்டி போனால் ஆர்டரும் போகிறது என்பதை நாங்கள் எல்லோருக்கும் புரியும்படி சொல்லவில்லை. இதற்குப் பிறகு ஸ்டோர்கீப்பர் திங்கட்கிழமை காலை ரேக்கைச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பெட்டி இருக்க வேண்டும், அல்லது ஒரு பெட்டியும் ஆர்டர் பலகையில் அதன் பெயரும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஒரு பெட்டி தொலைந்திருக்கிறது. 42 இடத்தையும் பார்க்க அவருக்கு 10 நிமிடம்.

டிராயர்களை நாங்கள் மறுபடி சோதிக்கவில்லை. மூன்றாவது மாதத்தில் இரண்டு ஃபிட்டர்கள் தாங்களாகவே ஒரு டப்பா நட் கொண்டுவந்து பெட்டியில் போட்டார்கள். பெட்டிக்குள் கூடுதலாகப் போடுவதும் கணக்கைக் குழப்பும் என்றாலும், அன்று அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது

42 வகையையும் ஒரே நாளில் தொடங்கியிருக்கக் கூடாது. எம்8 போல்ட், நட், வாஷர் மூன்றை மட்டும் எடுத்து ஒரு மாதம் ஓட்டியிருந்தால், ரேக் அமைப்பு, பாக்கெட் மிச்சம், வியாழக்கிழமைச் சேகரிப்பு என்ற மூன்று தவறும் மூன்று சாமானிலேயே வெளிப்பட்டிருக்கும். நாங்கள் 42 அட்டையைத் திருத்தி எழுதினோம்.

கணக்கைத் தொடங்கும் முன், காலிப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அது போகும் வழி முழுக்க நடந்து பார்த்திருக்க வேண்டும். எங்கே எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று குறித்திருந்தால் 12 நாள் அன்றே தெரிந்திருக்கும்.

டிராயரிலிருந்து வந்த 1,600 போல்டை நேரே பெட்டிகளில் போட்டதும் தவறு. இரண்டு பெட்டிக்கு 600 போக மீதி 1,000-ஐப் பெட்டி காலியாகும்போதெல்லாம் எடுத்து நிரப்பினோம். அதனால் முதல் இரண்டு வாரத்துக்கு போல்டுக்கு ஆர்டரே போகவில்லை, அளவில் இருந்த தவறு மூன்றாவது வாரம்வரை மறைந்திருந்தது. அதைத் தனியாக ஸ்டோரில் பூட்டி வைத்து, முறை நிலைபெற்ற பிறகு ஆர்டருக்குப் பதிலாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்கலாம்.

ஒரு விஷயத்துக்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை. சப்ளையர் வருடத்தில் ஒருமுறை இரண்டு வாரம் மூடுவார். அப்போது நிரப்பும் காலம் 6 நாளிலிருந்து 18 ஆகிறது, எந்தப் பெட்டியும் அதைத் தாங்காது. இந்த வருடம் மூடுவதற்கு முன் 42 வகையையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் அந்த 12 நாளுக்குத் தேவையான முழுப் பாக்கெட்டுகளை வாங்கி, மஞ்சள் அட்டை ஒட்டி, ஸ்டோருக்குள் வைத்தோம். அந்த நாட்களில் காலிப் பெட்டி வந்தால் ஆர்டருக்குப் பதில் மஞ்சள் அட்டைச் சரக்கிலிருந்து நிரப்பினார் ஸ்டோர்கீப்பர். வேலை நிற்கவில்லை. ஆனால் கூடுதல் சரக்கை எவ்வளவு வாங்குவது என்பதை மறுபடியும் கையால் எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது, மூடிய நாட்கள் முடிந்தபோது 9 வகையில் மஞ்சள் அட்டைச் சரக்கு மீதியிருந்தது. அடுத்த மூடலுக்கு முன் அந்த 9 அட்டைகளிலும் இருக்கும் தேதிகளை வைத்து அளவைக் குறைக்கப்போகிறோம்.